நிற்க முடியாதவரின் உயரத்தை எப்படி அளப்பது? முழங்காலில் இருக்கிறது பதில்

"பெரியப்பா ஒசரம் எவ்ளோ?"

கிளினிக்கில் பதிவு அட்டையைப் பூர்த்தி செய்துகொண்டிருந்த இளம் தாதி கேட்ட கேள்வி இது. சுவரில் உயரம் அளக்கும் கம்பி இருந்தது. ஆனால் பெரியப்பா சக்கர நாற்காலியில் இருந்தார். இனிப்பு நீர் நோயால் ஆறாத புண் ஏற்பட்டு, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அஞ்சே முக்கால் அடி இருப்பாரும்மா, தோட்டத்துல நல்ல ஒசரம் இவருதான்" என்றார். தாதி கைப்பேசியில் கணக்குப் போட்டு 175 சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டார். சக்கர நாற்காலியோடு நிறுத்துப் பார்த்து, நாற்காலியின் எடையைக் கழித்ததில் 58 கிலோ வந்தது.

அந்த இரண்டு எண்களையும் வைத்துப் பார்த்தால் பெரியப்பாவின் பி.எம்.ஐ. 18.9. உடல் எடைக்கும் உயரத்துக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் இந்தக் குறியீடு 18.5-க்குக் கீழே போனால் எடை குறைவு என்று கொள்வார்கள். "ரொம்ப மெலிஞ்சிருக்காரு, நல்லா சாப்பிடக் கொடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். பெரியம்மாவும் விடவில்லை. சோற்றை ஒரு அகப்பை கூட்டினார். இரவில் ஒரு பெரிய குவளை சத்து மாவுப் பால் கொடுத்தார். இரண்டு மாதத்தில் வீட்டில் குத்திப் பார்க்கும் இரத்தச் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போனது. மிச்சம் இருக்கும் ஒரு காலையும் காப்பாற்ற வேண்டிய மனிதருக்கு இது நல்ல செய்தி அல்ல.

பிறகு வேறொரு மருத்துவமனையில் ஒரு டயட்டீஷியன் அவரை அளந்து பார்த்தார். பெரியப்பா மெலிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அட்டையில் இருந்த இரண்டு எண்களுமே அவரைப் பற்றிய உண்மையைச் சொல்லவில்லை. எங்கே தவறு நடந்தது, அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

ஞாபகத்தில் உள்ள உயரம்

உயரத்தை நம்மில் பலர் வாழ்நாளில் ஒருமுறையோ இரண்டு முறையோதான் அளந்திருப்போம். அதுவும் பள்ளியிலோ வேலைக்குச் சேரும்போதோ நடந்திருக்கும். மற்றபடி "அண்ணனைவிட ஒரு கட்டை கூட", "வாசல் நிலை இடிக்கும்" என்பதுதான் கணக்கு. பெரியம்மா சொன்ன அஞ்சே முக்கால் அடி பொய் அல்ல. தன்னைவிட எவ்வளவோ உயரமான கணவரைப் பற்றி நாற்பது வருடமாக அவர் மனத்தில் இருந்த அளவு அது.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு அதில் உயரம் அச்சிடப்பட்டிருக்கும். ஞாபகத்தைவிட அது மேல். ஆனால் யார், எப்போது, எப்படி அளந்தார்கள் என்பது அதில் இருக்காது. தோட்டத்தைவிட்டு வெளிநாடு போகாத பெரியப்பாவிடம் அதுவும் இல்லை.

வயது கூடக்கூட உயரம் குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதுகெலும்பின் கட்டைகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற தட்டுகள் தேய்ந்து, முதுகும் கூனுவதால் இது நடக்கிறது. ஆனால் கால் எலும்பும் கை எலும்பும் வளர்ந்து முடித்த பிறகு நீளத்தில் குறைவதில்லை. நிற்க முடியாதவரின் உயரத்தைக் கண்டுபிடிக்கும் மாற்று வழிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தின் மீதுதான் நிற்கின்றன. குறையாத ஓர் எலும்பை அளந்து, அதிலிருந்து முழு உயரத்தைக் கணக்கிட்டு எடுக்கிறார்கள்.

முதலில் நேரடியாக அளக்க முடியுமா?

டயட்டீஷியன் எடுத்த எடுப்பில் சூத்திரத்துக்குப் போகவில்லை. "ஒரு கால் நல்லா இருந்தா அந்தக் கால்ல நிக்க வச்சே அளந்துடலாம்" என்றார். ஒரு கால் மட்டும் இழந்தவர், பிடித்துக்கொள்ள ஆள் இருந்து, நல்ல காலில் நேராக நிற்க முடிந்தால் அதுவே சரியான உயரம். செயற்கைக் கால் போட்டு நடப்பவருக்கும் அப்படித்தான். அந்தக் காலை மற்றக் காலின் நீளத்துக்கு ஏற்றபடிதான் செய்திருப்பார்கள். ஆனால் இரண்டு காலும் செயற்கையாக இருந்தால் அந்த உயரத்தை நம்பக்கூடாது. விழாமல் நடப்பதற்காகச் செயற்கைக் கால்களைக் கொஞ்சம் குட்டையாகவே செய்து கொடுப்பதுண்டு.

பெரியப்பாவை நிற்க வைக்கப் பார்த்தார்கள். எழுந்ததுமே தலை சுற்றியது. விழுந்தால் இருக்கிற காலும் போய்விடும் என்று உடனே உட்கார வைத்துவிட்டார்கள்.

அடுத்தது படுக்க வைத்து அளப்பது. தட்டையான, கெட்டியான கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்து, தலை உச்சியில் ஒரு பலகையும் நல்ல காலின் குதிகாலில் ஒரு பலகையும் வைத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பார்கள். படுத்திருக்கும்போது முதுகெலும்பின் மேல் உடல் பாரம் அழுத்தாது. அதனால் இந்த அளவு நிற்கும் உயரத்தைவிட ஓரிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வரும். அதைத் தவிர இது நல்ல முறை.

இதுவும் பெரியப்பாவுக்குச் சரிப்படவில்லை. மாதக்கணக்கில் நாற்காலியிலேயே இருந்ததால் இடுப்பும் முழங்காலும் மடங்கியபடியே இறுகிப் போயிருந்தன. காலை முழுதாக நீட்ட முடியவில்லை. சக்கர நாற்காலியில் நெடுநாள் இருப்பவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவதுதான். மடங்கிய உடலை நாடா வைத்து அளந்தால் உயரம் குறைவாகத்தான் வரும்.

மடங்கிய காலையே அளப்பது

மடங்கிய கால் தடையாக இல்லாத முறை ஒன்று உண்டு. அதற்கு முழங்கால் உயரம் என்று பெயர். முழங்காலும் கணுக்காலும் செங்குத்தாக, அதாவது நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கும்போது இருப்பதுபோல், மடங்கியிருந்தால் போதும். குதிகாலின் அடியிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேலே தொடையின் மேற்பரப்பு வரை உள்ள தூரத்தை அளப்பார்கள்.

மருத்துவமனையில் இதற்கு நீண்ட கம்பியில் இரண்டு தட்டுகள் பொருத்திய ஓர் அளவுகோல் இருக்கும். ஒரு தட்டைக் குதிகாலுக்கு அடியில் வைப்பார்கள். இன்னொரு தட்டை முழங்கால் சில்லிலிருந்து மூன்று விரல் அளவு பின்னால் தொடைமேல் வைத்து, சதை சற்று அழுந்தும்படி இறக்குவார்கள். கம்பி கெண்டைக்கால் எலும்போடு இணையாக நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்தால் அளவு கூடிவிடும்.

பெரியப்பாவின் இடது காலை டயட்டீஷியன் இரண்டு தடவை அளந்தார். முதல் தடவை 48.8 செ.மீ., இரண்டாம் தடவை 49.2 செ.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்குள் இருந்ததால் சராசரியாக 49.0 என்று எடுத்துக்கொண்டார். வித்தியாசம் அதற்கு மேல் போயிருந்தால் மூன்றாம் தடவை அளந்திருப்பேன் என்றார்.

இந்த அளவை வீட்டிலும் எடுக்கலாம். நாற்காலியில் நேராக உட்கார வைத்து, செருப்பைக் கழற்றி, பாதம் தரையில் படியும்படி வையுங்கள். முழங்காலும் கணுக்காலும் செங்குத்தாக இருக்கட்டும். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தொடைமேல் படுக்கையாக வைத்து, அது சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் அடிப்பக்கத்திலிருந்து தரை வரை இன்னொருவர் மரக்கோலாலோ இரும்பு நாடாவாலோ நேர்க்குத்தாக அளக்கட்டும். துணி தைக்கும் நாடா வளைந்து ஏமாற்றும், அது வேண்டாம்.

பாதமோ காலோ நீர் கோத்து வீங்கியிருக்கும் நாளில் அளக்காதீர்கள். சிறு வயதில் போலியோ வந்து சூம்பிய காலையும் அளக்கக்கூடாது. அந்தக் கால் முழுதாக வளர்ந்திருக்காது, உயரம் குறைவாக வரும்.

49 சென்டிமீட்டர் 164 ஆனது எப்படி?

இனிச் சூத்திரம். மருத்துவ உலகில் அதிகம் புழங்குவது அமெரிக்க ஆய்வாளர் சம்லியாவும் அவருடைய குழுவினரும் 1985-ல் முதியோருக்காக வெளியிட்டது. ஆண்களுக்கு முழங்கால் உயரத்தை 2.02-ஆல் பெருக்கி, 64.19-ஐக் கூட்டி, வயதை 0.04-ஆல் பெருக்கி வருவதைக் கழிக்க வேண்டும். பெண்களுக்கு முழங்கால் உயரத்தை 1.83-ஆல் பெருக்கி, 84.88-ஐக் கூட்டி, வயதை 0.24-ஆல் பெருக்கி வருவதைக் கழிக்க வேண்டும்.

பெரியப்பாவுக்கு வயது 62. அவருக்குப் போட்டுப் பார்த்தால் 64.19 + 98.98 − 2.48, அதாவது 160.7 செ.மீ. வருகிறது.

ஆனால் இந்தச் சூத்திரம் அமெரிக்க முதியோரை அளந்து செய்தது. உடம்பில் காலுக்கும் முண்டத்துக்கும் உள்ள விகிதம் எல்லா இனத்தவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் இன்னொருவருக்கு முண்டம் நீளமாகவும் இருக்கலாம். அதனால் ஓரிடத்து மக்களை அளந்து செய்த சூத்திரம் வேறிடத்து மக்களுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளிப் போகும்.

நம் நாட்டில் இதற்கென ஒரு வேலை நடந்திருக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசானா ஷாஹார் ஓர் ஆய்வாளருடன் சேர்ந்து, மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூன்று இனத்தவரையும் அளந்து, மலேசிய முதியோருக்கான சூத்திரங்களை 2003-ல் வெளியிட்டார். அதன்படி ஆண்களுக்கு முழங்கால் உயரத்தை 1.924-ஆல் பெருக்கி 69.38-ஐக் கூட்ட வேண்டும். பெண்களுக்கு 2.225-ஆல் பெருக்கி 50.25-ஐக் கூட்ட வேண்டும்.

பெரியப்பாவுக்கு இது 94.28 + 69.38, அதாவது 163.7 செ.மீ. டயட்டீஷியன் இதையே எடுத்துக்கொண்டு அட்டையில் 164 என்று எழுதினார். பெரியம்மா சொன்னதைவிட 11 சென்டிமீட்டர் குறைவு.

"அப்ப நா பொய்யா சொன்னேன்?" என்று பெரியம்மா கொஞ்சம் வருத்தப்பட்டார். "இல்லம்மா, எல்லார் வீட்டுலயும் அப்பா ஒசரமாத்தான் இருப்பாங்க" என்று டயட்டீஷியன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எடையிலும் ஒரு தவறு

உயரம் சரியானதும் கணக்கு முடிந்துவிடவில்லை. பெரியப்பாவின் உயரம் முழு மனிதருக்கானது. ஆனால் தராசு காட்டிய 58 கிலோவில் வலது காலின் கீழ்ப்பகுதி இல்லை. முழு உயரத்தை ஒரு பக்கமும் குறைந்த எடையை மறு பக்கமும் வைத்தால் ஆள் எப்போதும் மெலிந்தவராகத்தான் தெரிவார்.

இதற்காக உடலின் ஒவ்வொரு பகுதியும் மொத்த எடையில் எவ்வளவு என்ற அட்டவணையை வைத்திருக்கிறார்கள். பாதம் மட்டும் போனால் 1.5 விழுக்காடு. முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு சேர்த்து 5.9 விழுக்காடு. இடுப்பிலிருந்து முழுக் காலும் போனால் 16 விழுக்காடு. ஒரு முழுக் கைக்கு 5 விழுக்காடு.

பெரியப்பாவுக்கு 100-இல் 5.9 போக மிச்சம் 94.1. ஆக 58-ஐ 0.941-ஆல் வகுத்தால் 61.6 கிலோ. கால் இருந்திருந்தால் அவர் ஏறக்குறைய இந்த எடை இருந்திருப்பார். முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் கட்டை மிஞ்சியிருக்கிறது என்பதால் உண்மையில் போனது 5.9-ஐவிடச் சற்றுக் குறைவு. கட்டை எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்து இதைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார்கள். நிறுக்கும்போது செயற்கைக் காலைக் கழற்றிவிட வேண்டும் என்பதும் முக்கியம். போட்டுக்கொண்டே நிறுத்துவிட்டு மறுபடியும் 5.9 விழுக்காட்டைக் கூட்டினால் அது இரட்டைக் கணக்கு.

இப்போது 61.6 கிலோ, 164 செ.மீ. இரண்டையும் வைத்துப் பார்த்தால் பி.எம்.ஐ. 22.9. ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே நோய் ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2004-ல் சுட்டிக்காட்டியது. மெலிந்தவர் என்று சத்து மாவு கொடுக்கப்பட்டவர் உண்மையில் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்.

எவ்வளவு நம்பலாம்?

இங்கேதான் கவனம் தேவை. முழங்காலை அளந்து கிடைத்த 164 என்பது மதிப்பீடு. சம்லியா சூத்திரத்தில் பெரும்பாலோருக்கு உண்மை உயரம் கிடைத்த எண்ணிலிருந்து மேலேயோ கீழேயோ ஏறக்குறைய 8 செ.மீ.க்குள் இருக்கும். ஒரு கூட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் சராசரி சரியாக வரும். ஒரு தனி ஆளுக்கு அது சற்றுத் தள்ளியும் போகலாம்.

மலேசியச் சூத்திரத்துக்கும் அதே அளவு விலகலை வைத்துக்கொண்டு பெரியப்பாவைப் பார்ப்போம். அவருடைய உண்மை உயரம் 156-க்கும் 172-க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. உயரம் 172 என்றால் பி.எம்.ஐ. 20.8. உயரம் 156 என்றால் 25.3.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. அவர் மெலிந்தவரா என்ற கேள்விக்கு உறுதியாக "இல்லை" என்று சொல்லிவிடலாம். எந்தப் பக்கம் எடுத்துக்கொண்டாலும் 18.5-க்கு அருகில்கூட வரவில்லை. அவர் எடை கூடியவரா என்ற கேள்விக்கு இந்த எண்ணை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. அதனால் டயட்டீஷியன் எடையைக் குறைக்கவும் சொல்லவில்லை. சத்து மாவுப் பாலை நிறுத்தி, கூட்டிய அந்த ஓர் அகப்பைச் சோற்றைக் குறைத்துவிட்டு, அதற்குப் பதில் மீனும் காய்கறியும் சேர்க்கச் சொன்னார். மாதம் ஒருமுறை எடையையும் மேல்கையின் சுற்றளவையும் பார்க்கலாம் என்றார். மேல்கைச் சுற்றளவுக்கு உயரமே தேவையில்லை. அது குறைந்துகொண்டே போனால் உடம்பு இளைக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு காலும் இல்லாதவருக்கு

எங்கள் தோட்டத்திலேயே இரண்டு கால்களையும் இழந்த ஓர் அக்கா இருக்கிறார். அவருக்கு முழங்கால் உயரம் உதவாது. கையைத்தான் அளக்க வேண்டும்.

இரண்டு கைகளையும் நீட்டி விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்தால் அதுவே உயரம் என்று பலர் சொல்வதுண்டு. ஏறக்குறைய சரிதான், ஆனால் முழுக்கச் சரியில்லை. கை வீச்சு உயரத்தைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. இதிலும் இனத்துக்கு இனம் வித்தியாசம் இருக்கிறது. தவிர, முதுகு கோணியவருக்கும் தோள் இறுகியவருக்கும் இரண்டு கையையும் நேராக நீட்ட வராது.

அதனால் அரை வீச்சை அளக்கும் முறையை அதிகம் பயன்படுத்துகிறார்கள். கழுத்துக்குக் கீழே இரண்டு காறை எலும்புகளுக்கு நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், தொட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நேராக நீட்டச் சொல்லி, அந்தப் பள்ளத்திலிருந்து நடுவிரலும் மோதிர விரலும் பிரியும் இடம் வரை அளக்க வேண்டும். விரல் நுனி வரை போகக்கூடாது. பிரிட்டிஷ் ஆய்வாளர் பாஸி 1986-ல் எழுதியபடி, ஆண்களுக்கு இந்த அளவை 1.40-ஆல் பெருக்கி 57.8-ஐக் கூட்ட வேண்டும். பெண்களுக்கு 1.35-ஆல் பெருக்கி 60.1-ஐக் கூட்ட வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு நன்றாக இருக்கும் கையை அளக்க வேண்டும்.

படுக்கையில் கையைக்கூட நீட்ட முடியாதவருக்கு முன்கை எலும்பு இருக்கிறது. கையை மடக்கி உள்ளங்கை எதிர்த் தோளில் படும்படி மார்பின் குறுக்கே வைத்து, முழங்கையின் கூர்முனையிலிருந்து மணிக்கட்டில் துருத்தி நிற்கும் எலும்பின் நடு வரை அளப்பார்கள். பிரிட்டனில் ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டறியப் பயன்படுத்தும் ஓர் அட்டவணையில் இந்த அளவுக்கு நேரே உயரம் எழுதியிருக்கும். மூன்று முறைகளில் இதுதான் எடுப்பதற்கு எளிது. ஆனால் தவறு பெரிதாகத் தெரிவதும் இதில்தான்.

காரணம் இதுதான். முன்கை எலும்பு சிறியது. அதிலிருந்து முழு உயரத்துக்குப் போக ஒவ்வொரு சென்டிமீட்டரையும் பெரிய எண்ணால் பெருக்க வேண்டும். அந்த அட்டவணையில் 65 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு முன்கை 1 செ.மீ. கூடினால் உயரம் 3.6 செ.மீ. கூடும். முழங்காலில் 1 செ.மீ. பிசகினால் உயரத்தில் 2 செ.மீ. பிசகும். அரை வீச்சில் 1 செ.மீ. பிசகினால் 1.4 செ.மீ. மட்டுமே. அளக்கிற எலும்பு எவ்வளவு குட்டையோ, கை நடுக்கத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டும்.

பெரியப்பாவிடமே இதைப் பார்த்தோம். அவருடைய அரை வீச்சு 76 செ.மீ. சூத்திரத்தில் 164.2 வந்தது, முழங்கால் கணக்கோடு ஒத்துப்போனது. முன்கை 25.5 செ.மீ. பிரிட்டிஷ் அட்டவணைப்படி உயரம் 171. இரண்டு முறைகள் ஒரே பதிலைச் சொல்லி மூன்றாவது விலகினால், முதலில் மூன்றாவதை மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அப்படியும் மாறாவிட்டால் நீளமான எலும்பு சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்றார் டயட்டீஷியன்.

சாப்பாட்டுக்கு மட்டுமல்ல

உயரம் தப்பாக எழுதப்பட்டால் பாதிப்பு உணவோடு நிற்பதில்லை. நோயாளிக்குச் சுவாசக் கருவி பொருத்தும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று செலுத்துவது என்பதை உயரத்தை வைத்தே கணிக்கிறார்கள். நுரையீரலின் அளவு உடல் பருமனைவிட உயரத்தைத்தான் ஒட்டியிருக்கிறது.

ஆண்களுக்கு உயரத்திலிருந்து 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 50-ஐக் கூட்டினால் கணிப்பு எடை கிடைக்கும். அந்த எடையில் கிலோ ஒன்றுக்கு 6 மில்லிலிட்டர் என்பது பாதிக்கப்பட்ட நுரையீரலுக்கு வழக்கமான அளவு. பெரியப்பாவின் உயரம் 164 என்றால் ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 363 மில்லிலிட்டர். 175 என்று அட்டையில் எழுதியிருந்தால் 423. ஒவ்வொரு மூச்சிலும் 60 மில்லிலிட்டர் கூடுதலாகப் போகும். அந்த நேரத்தில் பெரியம்மாவிடம் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான் எடுபடும்.

முதுகுத்தண்டு அடிபட்டு நாற்காலியில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அசையாத கால்களில் தசை வற்றி, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். தசையைவிடக் கொழுப்புக்குக் கனம் குறைவு. அதனால் உயரம் சரியாக இருந்தாலும் பி.எம்.ஐ. அவர்களை ஒல்லியாகக் காட்டும். அவர்களுக்குக் குறியீடு 22-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று சொல்லும் ஆய்வும் உண்டு.

அட்டையில் எப்படி எழுதுவது?

உயரத்தை வெறும் எண்ணாக எழுதும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. 175 என்று மட்டும் இருந்தால் அது கம்பியில் அளந்ததா, மனைவி சொன்னதா என்று அடுத்த மருத்துவருக்குத் தெரியாது. நல்ல அட்டையில் எண்ணும், அது வந்த வழியும், தேதியும் சேர்ந்து இருக்கும். எடைக்கும் அப்படித்தான். செயற்கைக் கால் இல்லாமல் நிறுத்த எடை என்ன, கால் இருந்திருந்தால் என்ன என்று இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். அடுத்த தடவையும் அதே முறையில் அளக்க வேண்டும். இந்த மாதம் முழங்கால், அடுத்த மாதம் முன்கை என்று மாற்றினால் ஆள் திடீரென்று வளர்ந்ததுபோலவோ குறுகியதுபோலவோ தெரியும்.

உங்கள் வீட்டில் நிற்க முடியாத ஒருவர் இருந்தால், அடுத்த முறை உயரம் கேட்கப்படும்போது ஞாபகத்திலிருந்து சொல்லாதீர்கள். "அளக்கல, முழங்கால் வச்சுப் பாக்க முடியுமா?" என்று கேளுங்கள். வீட்டிலேயே புத்தகமும் கோலும் வைத்து அளந்த எண்ணைத் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போனாலும் நல்லதுதான். சூத்திரத்தை அவர்கள் போட்டுக்கொள்வார்கள்.

பெரியப்பாவின் அட்டையில் பழைய 175-ஐ ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்கள்: "164 செ.மீ., மதிப்பீடு. இடது முழங்கால் 49.0. எடை 58, செயற்கைக் கால் இல்லாமல். திருத்திய எடை 61.6."

பெரியப்பா அதை மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "பதினொரு சென்டிமீட்டர கொறச்சிட்டாங்க" என்றார். பெரியம்மா சோற்றுப் பானைப் பக்கம் திரும்பி, "அகப்பையும் ஒண்ணு கொறஞ்சாச்சு" என்றார்.